வெண்புள்ளியா, தேமலா, தொழுநோயா: படத்தில் தெரியாதது எது?

தோலில் வெளுத்த திட்டு ஒன்று வந்தால், அதைச் செல்போனில் படம் எடுத்து "இது என்னவா இருக்கும்?" என்று கேட்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. மருந்துக்கடையில் காட்டுகிறார்கள், தெரிந்த நர்ஸுக்கு அனுப்புகிறார்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போடுகிறார்கள். வரும் பதில்களில் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப அடிபடும். தேமல் என்பது முதலாவது. வெண்புள்ளி என்பது இரண்டாவது. மூன்றாவதை யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள், மனதுக்குள் மட்டும் நினைப்பார்கள்: தொழுநோயாக இருக்குமோ?

இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நோய்கள். ஒன்று பூஞ்சையால் வருவது, ஒன்று உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த செல்களையே தாக்குவதால் வருவது, இன்னொன்று நரம்புக்குள் குடியேறும் பாக்டீரியாவால் வருவது. ஆனால் மாநிறத் தோலில் மூன்றுமே வெளுத்த திட்டாகத்தான் தெரியும். படம் நமக்குத் தருவது நிறத்தையும் வடிவத்தையும். தொழுநோயை மற்ற இரண்டிலிருந்தும் பிரிக்கும் முக்கியமான விஷயமோ நிறத்தில் இல்லை. அந்த இடத்தில் தொட்டால் தெரிகிறதா என்பதில் இருக்கிறது.

இப்படி ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 34, கொத்தனார் வேலை. வலது முன்கையின் வெளிப்பக்கம் நாலு சென்டிமீட்டர் அகலத்தில் வெளிர் திட்டு. ஒரு வருஷமாக இருக்கிறது. அரிப்பு இல்லை, வலி இல்லை, அதனால் கவலையும் இல்லை. மனைவி சொன்னதால் படம் எடுத்தார். மருந்துக்கடையில் படத்தைப் பார்த்துவிட்டு ‘தேமல்’ என்று க்ரீம் கொடுத்தார்கள். இரண்டு மாதம் தடவியும் மாறவில்லை. மைத்துனர், "இது வெண்புள்ளி, எங்க ஆபீஸில் ஒருத்தருக்கு இருக்கு" என்றார். சிமெண்ட் பட்டுத் தோல் வெளுத்திருக்கும் என்பது மேஸ்திரியின் கட்சி. இவர்கள் யாரும் முட்டாள்தனமாகப் பேசவில்லை. அந்தப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த மூன்றில் எதையும் மறுக்க முடியாது.

ஏன் முடியாது என்று பார்ப்பதற்கு முன்னால், படத்தில் உண்மையாகவே தெரியக்கூடியவை என்னென்ன என்று பார்த்துவிடலாம். அவையும் கொஞ்சம் இருக்கின்றன.

வெண்புள்ளியில் தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்களே அழிந்துபோகின்றன. நிறமி குறையவில்லை, அடியோடு இல்லாமல் போகிறது. அதனால் முற்றிய வெண்புள்ளி சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். ஓரம் தெளிவாக வெட்டிவிட்டது மாதிரி தெரியும். கண்ணைச் சுற்றி, உதட்டோரம், விரல் நுனி, முழங்கால், முழங்கை என்று வரும், பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. திட்டில் இருக்கும் முடியும் சில நேரம் நரைத்திருக்கும். காயம் பட்ட இடத்திலோ பெல்ட், செருப்பு வார் உரசும் இடத்திலோ புதிதாகத் தோன்றுவதும் உண்டு. தோல் மட்டும் வழவழப்பாக, இயல்பாக இருக்கும். செதில் இருக்காது, தடிப்பு இருக்காது. வியர்வை சுரப்பிக்கும் நரம்புக்கும் இந்த நோயில் வேலையே இல்லை என்பதால் வியர்க்கும், தொட்டால் தெரியும், சுட்டால் சுடும். பார்த்தவுடன் சொல்லக்கூடிய அளவுக்குத் தெளிவான நோய் இது, முற்றிய நிலையில். ஆரம்ப நிலையில் அப்படி இல்லை. செல்கள் பாதி அழிந்திருக்கும்போது திட்டு வெறும் வெளிர் நிறத்தில்தான் இருக்கும். அப்போது தோல் மருத்துவர்கள் அறையை இருட்டாக்கி, வுட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கின் ஒளியில் பார்ப்பார்கள். நிறமி இல்லாத இடம் நீலம் கலந்த வெள்ளையாகப் பளிச்சிடும்.

தேமலுக்குக் காரணம் மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை. இது வெளியிலிருந்து வந்த எதிரி அல்ல. எல்லோர் தோலிலும் எண்ணெய்ப் பசையைத் தின்று வாழ்ந்துகொண்டிருப்பதுதான். வெயிலும் வியர்வையும் சேர்ந்தால் அளவு மீறி வளர்கிறது. அது உண்டாக்கும் அமிலம் ஒன்று மெலனின் தயாரிப்பைத் தடுக்கிறது, அதனால் அந்த இடம் வெளுக்கிறது. நெஞ்சு, முதுகு, கழுத்து, தோள்பட்டை, மேற்கை என்று எண்ணெய் சுரக்கும் இடங்களில் சின்னச் சின்னப் புள்ளிகளாக ஆரம்பித்து, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். மேலே மெல்லிய பொடிச் செதில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நகத்தால் மெதுவாகக் கீறினால் உதிரும். அந்தச் செதிலைக் கண்ணாடித் துண்டில் வைத்து, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் குட்டை இழைகளும் உருண்டைகளும் கலந்து தெரியும். பத்து, இருபது நிமிஷ வேலை.

தேமலில் ஒரு குழப்பம் எப்போதும் வரும். மருந்து பூசிப் பூஞ்சை செத்த பிறகும் நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். "மருந்து கேட்கவில்லை" என்று மறுபடி மறுபடி க்ரீம் வாங்குவார்கள். இதன் மறுபக்கம்தான் ஆபத்தானது. ஏற்கெனவே ஊருக்கே தெரியும், தேமல் மெதுவாகத்தான் மாறும் என்று. அதனால் மாறாத ஒரு திட்டைத் தேமல் என்று நம்பிக்கொண்டு வருஷக்கணக்கில் சும்மா இருந்துவிடுவார்கள். நம் கொத்தனார் இருந்தது அப்படித்தான்.

குழந்தைகளின் கன்னத்தில் வரும் வறண்ட வெளிர் திட்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வயிற்றில் பூச்சி என்றும் கால்சியம் குறைவு என்றும் அதற்குக் காரணம் சொல்வார்கள். இரண்டும் இல்லை, அது லேசான எக்சிமா வகை. தானாகவே மறையும்.

இனி தொழுநோய். நார்வேயின் பெர்கன் நகரில் 1873-ல் கெர்ஹார்ட் ஹான்சன் கண்டுபிடித்த பாக்டீரியா இதற்குக் காரணம். இரண்டு குணங்கள் இதை மற்ற கிருமிகளிடமிருந்து பிரித்துக் காட்டுகின்றன. ஒன்று, சோம்பேறித்தனம்: பல பாக்டீரியாக்கள் அரை மணி நேரத்தில் இரண்டாகப் பெருகும், இது இரண்டாகப் பெருக ஏறக்குறைய 12 முதல் 14 நாள் ஆகும். தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியப் பல வருஷங்கள் ஆவது இதனால்தான். இரண்டாவது குணம் நமக்கு இன்னும் முக்கியம். மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல நரம்பு இழைகளைச் சுற்றி ஷ்வான் செல்கள் இருக்கின்றன. தொழுநோய்க் கிருமி அந்தச் செல்களுக்குள் போய்த் தங்குகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி கிருமியைத் தேடி அங்கே வரும்போது நடக்கும் சண்டையில் நரம்பு நசுங்குகிறது. சூடு குறைந்த இடங்களை இந்தக் கிருமி விரும்புவதால், தோலிலும் தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளிலும் நோய் முதலில் தெரிகிறது.

ஆகவே தொழுநோய்த் திட்டு என்பது நிறம் வெளுத்த இடம் மட்டும் அல்ல, அடியில் நரம்பு நுனிகள் பழுதான இடம். அதில் நிறமி குறையும், அடியோடு போகாது. அதனால் அது சுண்ணாம்பு வெள்ளையாக இருப்பதில்லை. வெளிர் நிறமாகவோ, செம்பு கலந்த சிவப்பாகவோ இருக்கும். நரம்பு போனால் வியர்வை சுரப்பியும் வேலை செய்யாது, திட்டு வறண்டு கிடக்கும். முடி உதிர்ந்து குறையும். உணர்வு ஒரே நாளில் போய்விடாது, ஒரு வரிசையில் போகும். முதலில் சூடு குளிர்ச்சி தெரியாமல் போகிறது. அப்புறம் வலியும் மெல்லிய தொடுகையும். அழுத்தித் தொட்டால் தெரிவது கடைசி வரை இருக்கலாம். இதனால்தான், "தொட்டால் தெரியுதே" என்று ஒருவர் தன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொல்வதை நம்பக் கூடாது.

தொழுநோய் என்று முடிவு செய்வதற்கு மூன்று அடையாளங்கள் வைத்திருக்கிறார்கள். உணர்வு குறைந்த வெளிர் அல்லது சிவந்த திட்டு ஒன்று. தடித்துப்போன நரம்பும், அந்த நரம்பு போகும் பகுதியில் உணர்வோ பலமோ குறைந்திருப்பதும் இன்னொன்று. தோலைச் சிறிது கீறி எடுத்த மாதிரியில் கிருமி தெரிவது மூன்றாவது. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும். இந்த மூன்றில் ஒன்றுகூடப் புகைப்படத்தில் உறுதியாகத் தெரிகிற விஷயம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

படம் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். பிளாஷ் போட்டு எடுத்தால் வெளிர் திட்டு பால் வெள்ளையாக மாறிவிடும், தொழுநோய் வெண்புள்ளியாகத் தெரியும். போனில் இருக்கும் அழகுபடுத்தும் ஃபில்டர் செதிலையும் ஓரத்தையும் மழுங்கடித்துவிடும். டியூப்லைட்டில் எடுத்தது ஒரு நிறம், மஞ்சள் பல்பில் எடுத்தது இன்னொரு நிறம். மிக அருகில் எடுத்த படத்தில் அது உடம்பின் எந்தப் பகுதி என்பதே தெரியாது. பரவியிருக்கும் இடம்தான் இந்த மூன்று நோய்களையும் பிரிக்க உதவும் நல்ல தடயம், அது போய்விடுகிறது.

சரி, சோதனையை எப்படிச் செய்வது? கேட்டால் மிக எளிது, பஞ்சால் தொட்டுப் பார்ப்பதுதான். ஆனால் தப்பாகச் செய்வது அதைவிட எளிது.

பஞ்சை நுனியில் மெல்லிய திரியாகத் திரித்துக்கொள்ள வேண்டும். முதலில் ஒத்திகை. சோதிக்கப்படுபவர் கண் திறந்திருக்கும்போதே நல்ல தோலில் ஒருமுறை தொட்டுக் காட்டி, "இப்படித் தொடுவேன், தெரிஞ்சதும் தொட்ட இடத்தை விரலால் காட்டுங்க" என்று சொல்ல வேண்டும். அவர் இரண்டு மூன்று முறை சரியாகக் காட்டி, என்ன கேட்கிறோம் என்பது புரிந்த பிறகுதான் கண்ணை மூடச் சொல்ல வேண்டும். பஞ்சின் நுனி தோலில் நேராக இறங்கி, லேசாக வளையும் அளவுக்குப் பட்டால் போதும். தடவக் கூடாது. தடவினால் பக்கத்து நல்ல தோலின் முடிகள் அசைந்து, அங்கிருந்து உணர்வு மூளைக்குப் போய்விடும். தொட்டவுடன் "தெரியுதா?" என்று கேட்கவும் கூடாது. பெரும்பாலானோர் தவறு செய்வது இங்கேதான். கேள்வியே துப்பு கொடுத்துவிடும். மனிதர்கள் நல்ல பதில் சொல்ல விரும்புவார்கள், தெரியாவிட்டாலும் "ம்" என்பார்கள். பேசாமல் தொட வேண்டும். அவர் விரல் வருகிறதா, எங்கே வருகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும்.

தொடும் வரிசையும் கணிக்க முடியாதபடி இருக்க வேண்டும். நல்ல தோலில் இரண்டு, திட்டின் நடுவில் ஒன்று, மறுபடி நல்ல தோலில் ஒன்று, கொஞ்சம் இடைவெளி விட்டுத் திட்டில் இரண்டு, இப்படி. நடுவில் தொடாமலே சும்மா இருந்தும் பார்க்க வேண்டும். தொடாதபோதும் அவர் காட்டினால், ஊகித்துச் சொல்கிறார் என்று அர்த்தம், மறுபடி விளக்கித் தொடங்க வேண்டியதுதான். திட்டின் ஓரத்தைவிட நடுப்பகுதிதான் முக்கியம், அங்கேதான் பொதுவாக உணர்வு அதிகமாகக் குறைந்திருக்கும். ஒரு கையில் திட்டு என்றால் மறு கையில் அதே இடத்தைத் தொட்டு ஒப்பிட வேண்டும். ஊசியால் குத்திப் பார்ப்பதைத் தவிர்ப்பது நல்லது. அது காயப்படுத்தும், தொற்றையும் பரப்பலாம். மருத்துவமனைகளில் சில நேரம் இரண்டு சோதனைக் குழாய்களில் வெந்நீரும் குளிர்ந்த நீரும் எடுத்து, எது சூடு என்று சொல்லச் சொல்வார்கள். ஆரம்பக் கட்டத் திட்டில் பஞ்சைவிட இது முன்னதாகவே காட்டிக்கொடுக்கும்.

நம் கொத்தனாரின் கதைக்கு வருவோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். பகல் வெளிச்சத்தில் பார்த்தபோது திட்டு வெளிர் நிறம்தான், வெள்ளை இல்லை. நகத்தால் கீறினால் செதில் இல்லை. திட்டுக்குள் முடி குறைவு. நடந்து வந்ததில் கை முழுக்க வியர்த்திருந்தது, திட்டு மட்டும் காய்ந்திருந்தது. பஞ்சால் நல்ல தோலில் பத்து முறை தொட்டதில் பத்தையும் சரியாகக் காட்டினார். திட்டின் நடுவில் பத்து முறை தொட்டதில் மூன்றுக்குத்தான் விரல் வந்தது. அந்த மூன்றிலும் ஒன்றில், தொட்ட இடத்திலிருந்து மூன்று விரல்கடை தள்ளிக் காட்டினார். அவருக்கே ஆச்சரியம். ஒரு வருஷமாகத் தன் கையில் இருக்கும் மரப்பு தனக்கே தெரியவில்லையே என்று. தெரியாதுதான். வலி வந்தால் உடம்பு சொல்லும், உணர்வு போனால் சொல்வதற்கு ஆளில்லை.

அதோடு நிறுத்தவில்லை. முழங்கையின் உள்பக்கம், எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்குமே, அந்த அல்நார் நரம்பை விரலால் உருட்டிப் பார்த்தார்கள். இடது பக்கத்தைவிட வலது பக்கம் தடித்திருந்தது, அழுத்தினால் வலித்தது. சுண்டுவிரலை மற்ற விரல்களிலிருந்து விலக்கிப் பிடிக்கச் சொல்லி எதிர்த்து அழுத்தினார்கள். பலம் சற்றுக் குறைந்திருந்தது. இன்னொரு திட்டும் கண்டுபிடித்தார்கள், இடுப்புக்குக் கீழே பின்பக்கம். அது இருப்பது அவருக்கும் தெரியாது, மனைவிக்கும் தெரியாது. எந்தப் படத்திலும் அது வந்திருக்காது, ஏனென்றால் அதைப் படம் எடுக்க யாருக்கும் தோன்றியிருக்காது.

இதில் என் கருத்து ஒன்று: இரண்டாவது திட்டைவிட அந்த முழங்கை நரம்புதான் அன்றைய பெரிய கண்டுபிடிப்பு. திட்டில் உணர்வு போவதால் வாழ்க்கை பெரிதாகக் கெட்டுவிடாது. அல்நார் நரம்பு போனால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிவிடும், கரண்டி பிடிக்கும் கை போய்விடும். கொத்தனாருக்கு அதுதான் பிழைப்பு. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஓடும் நரம்பு கெட்டால் பாதம் தொங்கிப்போகும். கணுக்காலின் உள்பக்க நரம்பு கெட்டால் உள்ளங்கால் மரத்து, கல் குத்தியதும் தீ சுட்டதும் தெரியாமல் புண் வரும். தொழுநோயில் விரல்கள் ‘அழுகி விழுகின்றன’ என்று நெடுங்காலம் நம்பினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் பிற்பகுதியிலிருந்து வேலை செய்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், அது அப்படி இல்லை என்று காட்டினார். சதை கெட்டு விழுவதில்லை. வலி தெரியாத கையையும் காலையும் மனிதர்கள் தெரியாமலே காயப்படுத்திக்கொள்கிறார்கள், அந்தக் காயங்களும் தொற்றும்தான் விரல்களைத் தின்கின்றன. மரப்பைக் கண்டுபிடிப்பதற்கு இவ்வளவு அழுத்தம் தருவதன் காரணம் இதில் அடங்கியிருக்கிறது.

ஆனால் பஞ்சுச் சோதனையைக் கடவுள் வாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது இரண்டு பக்கமும் தவறும்.

உணர்வு இருந்தும் தொழுநோயாக இருக்கக்கூடிய நிலைமைகள் உண்டு. முகத்தில் நரம்புகள் மிக நெருக்கமாக இருப்பதால், அங்கே வரும் திட்டில் உணர்வு குறைந்தது எளிதில் தெரியாது. நோயின் மிகத் தொடக்க நிலையில் ஒரே ஒரு மங்கலான திட்டு மட்டும் இருக்கும்போதும் உணர்வு சரியாகவே இருக்கலாம். இதைவிட முக்கியமானது, கிருமி மிக அதிகமாக இருக்கும் வகை. அதில் திட்டுகள் நிறைய, சின்னதாக, ஓரம் மங்கலாக இரண்டு பக்கமும் பரவியிருக்கும், தோல் சற்று மினுமினுக்கும். காது மடல் தடிக்கும், புருவத்தின் வெளிப்பாதி உதிரும், மூக்கடைப்பு இருக்கும். ஆனால் திட்டுகளில் உணர்வு ஏறக்குறைய முழுசாக இருக்கும். உடல் சண்டை போடவில்லை, அதனால் தோலின் நரம்பு நுனிகள் சீக்கிரம் சேதமாகவில்லை. மற்றவர்களுக்கு அதிகம் பரப்பக்கூடியவர் இவர்தான் என்பது வருத்தமான முரண். இவரைப் பஞ்சு கண்டுபிடிக்காது, தோல் மாதிரிச் சோதனைதான் கண்டுபிடிக்கும். முதுகு முழுக்கப் பரவியிருப்பதால் படத்தில் இதுதான் தேமல் மாதிரியே தெரியும். செதில் இல்லாத ‘தேமல்’ என்றால் சந்தேகப்படுங்கள்.

மறுபக்கம், மரத்த இடமெல்லாம் தொழுநோயும் இல்லை. பழைய தீக்காயத் தழும்பில் உணர்வு குறைவாக இருக்கும். சர்க்கரை நோயில் இரண்டு பாதமும் மரத்துப்போகும், ஆனால் அங்கே திட்டு இருக்காது. இறுக்கமான பெல்ட் கட்டுபவர்களுக்கும் உடல் பருத்தவர்களுக்கும் தொடையின் வெளிப்பக்கம் மரப்பது உண்டு, அது இடுப்பருகே நரம்பு நசுங்குவதால். கொத்தனார், விவசாயி மாதிரி கடின வேலை செய்பவர்களின் உள்ளங்கையில் தோல் காய்த்திருக்கும், பஞ்சு பட்டால் அங்கே யாருக்கும் தெரியாது. அதனால் உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் பஞ்சை நம்பாமல், குறிப்பிட்ட அழுத்தத்தில் வளையும் நைலான் இழைகளை வைத்துச் சோதிப்பார்கள். ஆபத்தை உணரும் அளவுக்கு உணர்வு இருக்கிறதா என்று பார்க்க, கையில் 2 கிராம் இழையும் பாதத்தில் 10 கிராம் இழையும் பயன்படும். இழை கைவசம் இல்லாத இடங்களில் பால்பாயிண்ட் பேனாவின் நுனியைத் தன் எடையில் மட்டும் மெல்லப் படவிட்டுப் பார்ப்பதும் வழக்கத்தில் உள்ளது. சின்னக் குழந்தைகளிடம் இந்தச் சோதனை நம்பகமாக நடக்காது. ஐந்து வயதுப் பிள்ளை விளையாட்டாக எதையாவது காட்டும். அங்கே வியர்வை, முடி, வீட்டில் யாருக்காவது நோய் இருந்ததா என்ற விவரம், சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பது என்று போக வேண்டியிருக்கும்.

சில அடையாளங்கள் மட்டும் தொழுநோயை ஏறக்குறைய ஒதுக்கிவிட உதவும். பிறந்ததிலிருந்தே இருக்கும் திட்டு, சுண்ணாம்பு வெள்ளையான திட்டு, நன்றாக அரிக்கும் திட்டு, வெயில் காலத்தில் வந்து அப்புறம் காணாமல் போகும் திட்டு, பொடிச் செதில் உதிரும் திட்டு. இவையெல்லாம் பெரும்பாலும் வேறு ஏதோ. படர்தாமரையை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். வட்டமாக, ஓரம் தடித்துச் சிவந்து, நடுவில் வெளிறிய திட்டு படர்தாமரையாகவும் இருக்கலாம், தொழுநோயின் ஒரு வகையாகவும் இருக்கலாம். முன்னது பொதுவாக அரித்துப் பிடுங்கும், பின்னது அரிக்காது. கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த கலவை க்ரீமைப் பூசினால் படர்தாமரையின் உருவமே மாறிப்போய், பிறகு பார்க்கும் மருத்துவருக்கும் குழப்பம் வரும். படம் பார்த்து க்ரீம் கொடுப்பதில் எனக்கு இருக்கும் பெரிய ஆட்சேபம் இதுதான்.

அப்படியானால் படமே வேண்டாமா? வேண்டும், ஆனால் அதோடு சேர வேண்டியவை சேர வேண்டும். ஜன்னல் பக்கப் பகல் வெளிச்சத்தில், பிளாஷும் ஃபில்டரும் இல்லாமல், உடம்பின் எந்தப் பகுதி என்று தெரியும்படி தூரத்தில் ஒன்றும் அருகில் ஒன்றும் எடுங்கள். அளவுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி இன்னொரு படம், செதில் இருந்தால் அதில் தெரியும். கூடவே நாலு வரி எழுதுங்கள்: எவ்வளவு நாளாக இருக்கிறது, அரிப்பு உண்டா, வியர்க்கிறதா, பஞ்சால் தொட்டால் தெரிகிறதா. அந்தக் கடைசி வரி படத்தைவிட அதிகம் சொல்லும். வீட்டில் செய்த சோதனையில் மரப்பு தெரிந்தாலும், சந்தேகமாக இருந்தாலும், நேரில் போய்க் காட்ட வேண்டும். வீட்டுச் சோதனையில் உணர்வு சரியாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மாறாத திட்டை விட்டுவிடக் கூடாது.

கொத்தனாரின் தோல் மாதிரியில் கிருமி தெரியவில்லை. இரண்டு திட்டு, ஒரு நரம்பு. இந்தியாவில் பின்பற்றும் முறைப்படி, ஐந்து திட்டு வரை, ஒரு நரம்பு வரை, கிருமி தெரியாமல் இருந்தால் அது குறைந்த கிருமி வகை. ஆறும் அதற்கு மேலும் என்றால் அதிகக் கிருமி வகை. இரண்டுக்கும் தரும் சிகிச்சைக்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை என்று பெயர். ரிஃபாம்பிசின், டாப்சோன், க்ளோஃபசிமின் ஆகிய மூன்றையும் இரண்டு வகைக்குமே தரலாம் என்று 2018-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. முதல் வகைக்கு 6 மாதம், இரண்டாவதற்கு 12 மாதம். மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம். மாதம் ஒருமுறை ரிஃபாம்பிசின் சாப்பிடும் நாளில் சிறுநீர் சிவப்பாகப் போகும், க்ளோஃபசிமினால் தோல் சற்றுக் கறுக்கும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் இந்த இரண்டில் ஒன்றுக்குப் பயந்து நிறுத்திவிடுவார்கள்.

சிகிச்சை கிருமியைக் கொல்லும். செத்த நரம்பை உயிர்ப்பிக்காது. அவருக்குச் சுண்டுவிரலில் பலம் குறையத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்ததால், மருத்துவர் ப்ரெட்னிசலோன் மாத்திரையும் சேர்த்தார். நரம்பு வீக்கத்தை அது குறைக்கும். பாதிப்பு தொடங்கி ஆறு மாதத்துக்குள் கொடுத்தால் உணர்வும் பலமும் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு, அதற்குப் பிறகு வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். மருந்து சாப்பிடும் காலத்திலேயே திட்டு திடீரென்று சிவந்து வீங்கலாம், முழங்கை வலிக்கலாம். அது மருந்து ஒத்துக்கொள்ளாததால் வருவது இல்லை. இறந்த கிருமிகளோடு உடல் போடும் சண்டை. அப்போது மாத்திரையை நிறுத்தாமல் உடனே போய்க் காட்ட வேண்டும். ஒவ்வொரு மாதமும் அதே பஞ்சு, அதே நைலான் இழை, அதே சுண்டுவிரல் பலம் என்று சோதித்து எழுதி வைப்பது இதற்காகத்தான்.

தொழுநோயை ஒழித்துவிட்டோமே என்று சிலர் கேட்பார்கள். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே என்ற இலக்கை இந்தியா 2005 டிசம்பரில் தேசிய அளவில் எட்டியது உண்மை. ஆனாலும் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 லட்சம் புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள், உலகின் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேல் இங்கேதான்.

கொத்தனார் மருந்து தொடங்கிய வாரத்தில் சுகாதார ஆய்வாளர் அவர் வீட்டுக்கு வந்தார். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் தலை முதல் கால் வரை பார்த்தார், யாருக்கும் திட்டு இல்லை. பெரும்பாலான மனிதர்களுக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே நோயாளியிடமிருந்து பரவுவதும் நின்றுவிடும். ஆகவே தட்டு, டம்ளர், படுக்கை எதையும் பிரிக்க வேண்டியதில்லை. கூட வாழ்பவர்களுக்கு முன்னெச்சரிக்கையாக ரிஃபாம்பிசின் ஒரே ஒரு வேளை கொடுப்பார்கள், அது பின்னாளில் நோய் வரும் வாய்ப்பைப் பாதியளவுக்குக் குறைக்கிறது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அந்த மாத்திரையைக் கொடுத்துவிட்டு, புதிதாகத் திட்டு ஏதாவது வந்தால் படம் அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல் நேரில் வரச் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.